துணியில் தங்கும் பவுடர்

குளித்துவிட்டுத் துவட்டினால் ஈரம் துண்டில் ஏறுவதில்லை. கறுப்புச் சட்டையின் மடிப்புகளில் வெளிறிய கோடுகள் தெரிகின்றன. சரியாக வெளுக்கவில்லை என்று நினைத்து, அடுத்த தடவை இன்னும் ஒரு கை பவுடர் அள்ளிப் போடுகிறார்கள். சிக்கல் முற்றுவது அங்கேதான்.

அழுக்கை எடுக்கத் தேவையான அளவு தண்ணீரில் கலந்துவிட்டால், அதற்குமேல் போடும் பவுடரால் வெளுப்பு பெரிதாகக் கூடுவதில்லை. நுரைதான் கூடும். முன்பக்கம் திறக்கும் மெஷினில் துணி மேலிருந்து விழுந்து அடிபடுவதால்தான் அழுக்கு கழலும். நுரை மெத்தைபோல் நடுவே நின்றால் அந்த அடி குறைந்துவிடும். அலசும்போது முழுவதும் வெளியேறாத பவுடர் நூலிழைகளில் தங்கி, கழன்ற அழுக்கையும் பிடித்துவைக்கும். போர் தண்ணீராக இருந்தால் இன்னொன்றும் சேரும்: தண்ணீரின் கால்சியமும் பவுடரிலுள்ள சோடாவும் கூடிச் சுண்ணாம்புத் துகளாகித் துணியில் படியும். துண்டு மொடமொடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணியில் பவுடர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எளிது. துவைத்துக் காய்ந்த துண்டை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் போட்டு நன்றாகக் கசக்க வேண்டும். நிலைத்து நிற்கும் நுரை வந்தால் பழைய பவுடர் இன்னும் உள்ளே இருக்கிறது. நுரை வராமலும் துண்டு ஈரம் உறிஞ்சாவிட்டால், துணி மென்மைக்காக ஊற்றும் திரவத்தின் படலத்தைச் சந்தேகிக்கலாம்.

அளவுக்கு வருவோம். 7 கிலோ மெஷின் என்றால் ஒவ்வொரு தடவையும் 7 கிலோ துணி போடுவதாக அர்த்தமில்லை. பயணப் பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசில் அழுக்குத் துணிப் பையை ஒருமுறை மாட்டிப் பார்த்தால் கண்ணுக்கு அளவு பழகிவிடும். ஒரு வீட்டில் அது மூன்றரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழு மெஷினுக்கு 70 கிராம் என்று பாக்கெட் சொன்னால், பாதித் துணிக்கு 40 கிராமில் தொடங்கலாம். பாதிக்குச் சற்றுக் கூடுதல்தான். தண்ணீர் துணியின் அளவுக்கு அப்படியே பாதியாகக் குறைவதில்லை என்பதால் அந்த ஐந்து கிராம். சமையலறைத் தராசில் தலைதட்டிய ஒரு கரண்டி பவுடரை நிறுத்து, 13 கிராம் வந்தால் மூன்று கரண்டி போதும். பவுடரை மாற்றினால் கரண்டியை மறுபடி நிறுக்க வேண்டும். எல்லாப் பவுடரும் ஒரே கனம் இல்லை.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. காலரில் எண்ணெய்க்கறை நின்றாலோ, வெள்ளைத் துணி சாம்பல் பூத்தாலோ அரைக் கரண்டி கூட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் பாக்கெட்டில் அதற்கெனச் சொன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது.

ஏற்கெனவே பவுடர் ஏறிய துண்டுகளை, துணி தாங்கும் சூட்டில், பவுடர் இல்லாமல் இரண்டு மூன்று தடவை ஓடவிடலாம். கண்ணாடிக் கதவில் நுரை தெரியாமல் போகும்வரை.