வலிக்காத தேமலும் வலிக்கும் முழங்கையும்

பெங்களூர் மாகடி ரோடு பஸ்ஸில் "சுமனஹள்ளி" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் பலருக்கு மேம்பாலம்தான் நினைவுக்கு வரும். தொழுநோயாளிகளின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் 1970-களின் பிற்பகுதியில் அங்கு தொடங்கிய இல்லத்தின் பெயர்தான் அது.

இந்த நோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் விரல் மடங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்?

கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனாரை எடுத்துக் கொள்வோம். முதுகில் வெளிறிய தேமல். அரிப்பில்லை, வலியில்லை. ஆகவே அவர் கவலைப்படவும் இல்லை. சாதாரணத் தேமலில் உணர்ச்சி குறைவதில்லை, இதில் குறையும். கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார்கள். தேமலின் மேல் தொட்டது தெரியாவிட்டால் தொழுநோய்தான் என்று சந்தேகிப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் இப்படி இருக்காது. சிலருக்கு மரத்த தேமலே இராது. முகம் பளபளக்கும், காது மடல் தடிக்கும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். நோய் அதிகமாகப் பரவியிருந்தால் 12 மாதம், குறைவாக இருந்தால் 6 மாதம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். முதல் வேளை மாத்திரைக்குப் பிறகு சிறுநீர் சிவக்கும். அது ரத்தமல்ல, ரிஃபாம்பிசினின் நிறம். குளோபாசிமின் மாத்திரையால் தோல் கறுக்கும். "என்னய்யா இப்படிக் கறுத்துட்டே?" என்று வீட்டுக்காரர் கேட்பாரே என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. மருந்தை முடித்த பிறகு சில மாதங்களில் அந்தக் கறுப்பு மெல்ல மறையும்.

நம் கொத்தனாருக்கு ஆபத்து வந்தது நான்காம் மாதம். தேமல் சிவந்து வீங்கியது. முழங்கையின் உட்புறம் வலித்தது. வேலை செய்த அலுப்பு என்று தைலம் தடவினார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டுமே தவறு. செத்த கிருமிகளுக்கு எதிராக உடல் எழுப்பும் வீக்கம் அது. முழங்கையில் ஓடும் நரம்பு அதில் நசுங்கும். சுண்டு விரலை விரிக்க முடியாமல் போவதும், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வைத்த காகிதம் இழுத்தால் நழுவுவதும் அதற்கு அடையாளம். கூட்டு மருந்தை நிறுத்தாமல், டாக்டர் மேற்பார்வையில் பிரெட்னிசோலோன் கொடுத்தால் நரம்பு பெரும்பாலும் மீளும். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப் போனால் மீள்வது அரிது. பிறகு சுடும் டீ கிளாஸும் ஈரச் சிமெண்டும் கையைப் புண்ணாக்குவது அவருக்கே தெரியாது. விரல் குறைவது அந்தப் புண்களால்தான். நோய் விரலைத் தின்பதில்லை.

தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழியை 2019-ல் சட்டம் நீக்கிவிட்டது. வாடகை வீட்டுக்காரரின் மனசுக்குச் சட்டம் ஏது? அதனால்தான் பலர் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பி விடுகிறார்கள். கிளம்பும்முன் சுகாதார நிலையத்தில் சொன்னால், மீதி மாத்திரையும் சிகிச்சை அட்டையும் கையில் வரும். தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ அந்த அட்டையைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.