மொய் நோட்டும் நன்றிக் கார்டும்

கல்யாணம் முடிந்தது. பந்தலையும் பிரித்தாயிற்று. வந்தவர்களுக்கு நன்றிக் கார்டு எழுத மணமக்கள் உட்காருகிறார்கள். கையில் மொய் நோட்டு!

வம்பு அங்கேதான் வருகிறது.

மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். ஆனால், பெயர் உள்ள எல்லோரும் வந்தவர்கள் அல்ல. உடம்பு முடியாத பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரரிடம் 501 ரூபாய் கொடுத்தனுப்பியிருப்பார். "நேரில் வந்து வாழ்த்தியதற்கு நன்றி" என்று அவருக்குக் கார்டு போனால் எப்படி இருக்கும்? இன்னொருவர் முதல் நாளே வந்து, பந்தியில் பரிமாறியிருப்பார். மொய் எழுதியிருக்க மாட்டார். நோட்டில் பெயர் இல்லை, கார்டும் போகாது!

ஆகவே, "யார் மூலம் வந்தது" என்று நோட்டின் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே பெயரையும் பொருளையும் எழுதிவிடுங்கள். காகிதம் குப்பைக்குப் போனால் பெயரும் போயிற்று. மொய் எழுதாதவர்களைக் கல்யாணப் போட்டோவில்தான் தேட வேண்டும்.

கார்டில் நாலு வரி போதும்:

"அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்து ஆசீர்வதித்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. நீங்கள் தந்த குத்துவிளக்கைத்தான் தினமும் ஏற்றுகிறோம்."

கீழே இருவர் கையெழுத்தும் வேண்டும்.

பொருளின் பெயரைச் சொல்லலாம். மொய்த் தொகையை மட்டும் எழுத வேண்டாம். திறந்த கார்டு அல்லவா? தபால்காரர் முதல் எல்லோரும் படிப்பார்கள்!

பெரியம்மாவுக்கு, "நீங்கள் அனுப்பிய வாழ்த்தும் மொய்யும் கிடைத்தன; விரைவில் வந்து பார்க்கிறோம்" என்று எழுதலாம். பரிமாறியவருக்குப் பரிசுப் பேச்சே கூடாது. "பந்தியை நீங்கள் பார்த்துக்கொண்டதால் அப்பா நிம்மதியாக இருந்தார்" என்றால் போதும்.