214 லீடு, ஒரே ஒரு ஆர்டர்

கோவையில் மாடுலர் கிச்சன் செய்துகொடுக்கும் சிறு பட்டறை அது. மூன்று மாதத்தில் 214 பெயரும் போன் நம்பரும் அங்கே வந்து சேர்ந்தன. அனுப்பியது ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி. மாதம் 25,000 ரூபாய் சர்வீஸ் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, இது போக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கென்று மாதம் 40,000. எல்லாம் சேர்த்துப் பட்டறைக்காரர் கொடுத்தது 2,08,500 ரூபாய். கிடைத்த ஆர்டர் ஒன்று.

அவர் முதலில் எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். ஒரே பக்கம். "ஏமாற்றிவிட்டீர்கள், முழுப் பணத்தையும் ஒரு வாரத்தில் திருப்பித் தராவிட்டால் போலீசுக்குப் போவோம்" என்பதுதான் சாரம். அனுப்பும் முன் ஆடிட்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் சொன்னது: "ஏமாத்திட்டாங்கன்னு எழுதுனா அதை நீங்கதாங்க நிரூபிக்கோணும். சொன்னதுக்குக் குறைஞ்சுபோச்சுன்னு எழுதுங்க. அதுக்கு இந்த எக்செல் ஷீட்டே போதும்."

இரண்டாவது கடிதம் அந்த ஷீட்டிலிருந்து பிறந்தது. அதற்கு முன் ஒரு வேலை நடந்தது. ஏஜென்சி அனுப்பிய அந்த ஷீட்டில், பட்டறையில் போன் எடுக்கும் பெண் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே என்ன ஆயிற்று என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். அதை உட்கார்ந்து பிரித்தார்கள். ஒரே நம்பர் இரண்டாம் முறை வந்த வரிகள் 31. புழக்கத்தில் இல்லாத, தவறான எண்கள் 58. பீகார், ஒடிசா, சென்னை என்று வெளியூர்க்காரர்கள் 49. "நான் எதையும் கேட்கவே இல்லையே" என்றவர்கள் 52. மிச்சம் 24 பேர். அவர்களுக்கு வீடு இருந்தது, கிச்சன் போடும் எண்ணமும் இருந்தது. ஐந்து வீட்டில் போய் அளவெடுத்தார்கள்; ஒன்று கைகூடியது.

கோட்டேஷனில் இருந்த வாசகம், "மாதம் 60 தகுதியான லீடு, கோவை, திருப்பூர் மாவட்டங்கள்". மூன்று மாதத்துக்கு 180. 'தகுதியான' என்றால் என்ன என்று எங்கும் எழுதவில்லை. கடைசியில் பொடி எழுத்தில், "முடிவுகள் சந்தை நிலவரத்தைப் பொறுத்தவை, உத்தரவாதம் இல்லை" என்றும் ஒரு வரி. இந்தத் தொழிலில் அநேகமாக எல்லா கோட்டேஷனிலும் இப்படி ஒரு வரி இருக்கும். 180க்கு 24 என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த வரியைக் காட்டியே ஏஜென்சி தப்பித்திருக்கும்.

கடிதம் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. அதன் நடுப்பகுதியைச் சற்றே சுருக்கித் தருகிறேன்:

"வணக்கம். ஆர்டர் வராததற்கு உங்களைப் பொறுப்பாக்கவில்லை. விலை பேசி முடிப்பது எங்கள் வேலை. போன் எடுக்கிறவர், இரண்டு மாவட்டத்துக்குள் இருக்கிறவர், கிச்சன் வேண்டும் என்கிறவர்; இந்த மூன்றும் பொருந்துகிறவரைத் தகுதியானவர் என்று கொண்டோம். அந்தக் கணக்கில் 24 பேர் வருகிறார்கள். 214 வரிகளுக்கும் நாங்கள் பேசிய தேதி, நேரம், பதில் ஆகியவற்றை இணைத்துள்ளோம். கோட்டேஷனில் நீங்கள் ஒப்புக்கொண்ட மாதாந்திர ரிப்போர்ட் மூன்று மாதமும் எங்களுக்கு வரவில்லை. எங்கள் கேம்பெய்ன் ஒவ்வொன்றுக்கும் நாள்வாரியாக ஆன செலவு, மெட்டா நிறுவனம் கொடுத்த இன்வாய்ஸ்கள், லீடுகளின் மூல CSV கோப்பு ஆகியவற்றை ஏழு நாளில் அனுப்புங்கள். செலவாகாத விளம்பரப் பணத்தை அப்படியே திருப்பித் தரவும். இரண்டாம், மூன்றாம் மாதச் சர்வீஸ் கட்டணத்தில் பாதியையும் கேட்கிறோம். காரணம் கீழே."

இதில் நான் ரசித்தது, ரிப்போர்ட்டையும் பணத்தையும் பிரித்துக் கேட்ட விதம். எத்தனை லீடு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிடலாம். மாதாமாதம் கணக்குக் காட்டுவதற்கு அந்தச் சாக்கு செல்லாது. சந்தை எப்படிப் போனாலும், வாங்கிய 1,20,000 ரூபாய் எங்கே போனது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதிலும் விளம்பரம் ஓடியது ஏஜென்சியின் சொந்த விளம்பரக் கணக்கில். பட்டறைக்காரரால் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. கையில் இருந்ததெல்லாம் "மெட்டாவுக்குக் கட்டிவிட்டோம் சார்" என்ற வாட்ஸ்அப் செய்திதான்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. ஃபேஸ்புக் படிவத்தில் ஒருவர் பதிந்த விவரத்தைப் பதிந்த நாளிலிருந்து 90 நாள் வரைதான் தரவிறக்க முடியும். ஒப்பந்தம் முடிந்து எட்டாம் நாள் கடிதம் போனது. முதல் வாரத்து லீடுகளின் மூலக் கோப்பு அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது. ஏஜென்சி அனுப்பிய எக்செல்லில் பெயர், நம்பர், ஊர் மட்டும்தான். மூலக் கோப்பில் `created_time` என்று ஒரு பத்தி உண்டு. படிவத்தைப் பூர்த்தி செய்த நேரம் அதில் நொடிவரைக்கும் இருக்கும். ஏஜென்சி நீக்கிவிட்டு அனுப்பியது அந்தப் பத்தியைத்தான்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. வழவழவென்று 14 பக்க பிடிஎஃப். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், எந்த போஸ்டர் நன்றாக ஓடியது என்று வண்ண வண்ண வரைபடங்கள். ரூபாய் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கூடவே ஒரு குறிப்பு: "உங்கள் தரப்பில் உடனுக்குடன் போன் செய்யாததால் லீடுகள் ஆறிப்போயின." இந்தத் துறையில் இது வழக்கமான எதிர்வாதம். பல சமயம் நியாயமானதும்கூட. கிச்சன் விலை கேட்டவரை மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டால் அவர் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

பட்டறையிலிருந்து இரண்டே வரியில் பதில் போனது: கேட்டது இதுவல்ல, CSV கோப்பும் இன்வாய்ஸும். மேலும் பத்து நாள் இழுத்தடித்த பிறகு இரண்டும் வந்தன.

மூலக் கோப்பைப் பட்டறையின் போன் குறிப்போடு வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏஜென்சி லீடுகளை வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை மொத்தமாக அனுப்பியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் படிவம் பூர்த்தி செய்தவரின் நம்பர் ஐந்து நாள் அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. "நான் கேட்கவே இல்லையே" என்ற 52 பேரில் பெரும்பாலோர் திங்கள், செவ்வாயில் பதிந்தவர்கள். இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு பொத்தானை அழுத்தியவருக்கு அது சனிக்கிழமை நினைவிருக்குமா?

தவறான எண்கள் 58 வந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. இந்தப் படிவத்தில் பெயரையும் நம்பரையும் ஃபேஸ்புக்கே பயனரின் கணக்கிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். பத்து வருடத்துக்கு முன் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த பழைய நம்பர்கூட அப்படியே வந்து உட்காரும். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. படிவம் அமைக்கும்போது `More volume`, `Higher intent` என்று தெரிவுகள் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தால், அனுப்பும் முன் தன் விவரத்தை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் திரை வரும். ஆள் எண்ணிக்கை குறையும். வருகிறவர் ஓரளவு உறுதியானவராக இருப்பார். மூன்று மாதமும் ஓடியது முதலாவது. எண்ணிக்கையைக் காட்டிக் கட்டணம் வாங்கும் ஏஜென்சிக்கு அதுதான் தோது என்பது என் எண்ணம். சோம்பல் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இன்வாய்ஸ் சொன்னது இன்னொரு கதை. மூன்று மாதத்தில் விளம்பரத்துக்கு உண்மையில் ஆன செலவு 78,000 ரூபாய். விளம்பரத் திரையில் காட்டும் `Amount spent` தொகையில் ஜிஎஸ்டி சேராது. அது இன்வாய்ஸில்தான் ஏறும். இந்த இடத்தில் பலர் தப்புக் கணக்குப் போட்டு, வரியையும் சேர்த்துத் திருப்பிக் கேட்டு மாட்டிக்கொள்வார்கள். பட்டறையின் கணக்கு நேராக இருந்தது. 78,000க்கு 18 சதவீதம் 14,040. மொத்தம் 92,040. கொடுத்தது 1,20,000. மீதி 27,960 ரூபாய் ஏஜென்சியின் கையில் இருந்தது.

சர்வீஸ் கட்டணத்தில் பாதிதான் கேட்டார்கள், அதுவும் இரண்டு மாதத்துக்கு மட்டும். முதல் மாதத்தில் போஸ்டர் வடிவமைப்பு, பட்டறைக்கு வந்து வீடியோ எடுத்தது, பக்கத்தைச் சரிசெய்தது என்று வேலை நடந்திருந்தது. அதைத் தொடவில்லை. பிந்தைய இரண்டு மாதத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததைத் தவிர எதையும் மாற்றவில்லை என்பது பின்னால் வந்த பிடிஎஃபிலும் உறுதியானது. அதே போஸ்டர், அதே படிவம், அதே ஊர்ப் பட்டியல். 50,000இல் பாதி 25,000, ஜிஎஸ்டியோடு 29,500.

முழுதாகக் கேட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். "நம்ம பக்கமும் ஓட்டை இருக்குங்க" என்றார் பட்டறைக்காரர். தீபாவளி வாரத்தில் வந்த 17 லீடுகளுக்கு அவர்கள் இரண்டு நாள் தாமதமாகத்தான் பேசியிருக்கிறார்கள். இணைத்த குறிப்பில் அதை மறைக்கவில்லை. ஏஜென்சி அதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியது. செலவாகாத 27,960 முழுதாக வந்தது. அதில் வாதாட அவர்களுக்கு இடமே இல்லை. கட்டணத்தில் 15,000க்குப் படிந்தது.

அந்த 15,000க்கும் அதன் ஜிஎஸ்டி 2,700க்கும் ஏஜென்சியிடம் கிரெடிட் நோட் கேட்டு வாங்கச் சொன்னார் ஆடிட்டர். சும்மா ஜிபேயில் பணம் போட்டுவிட்டால், ஏஜென்சி கணக்கில் பழைய பில் முழுத்தொகைக்கே நிற்கும். கிரெடிட் நோட் வந்தபின் பட்டறையும் தான் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரியில் 2,700ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே அந்த வரித்தொகையால் பட்டறைக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருந்தால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபார நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு ஒரு விலக்கு உண்டு, அதுவும் வாங்கிய பொருளுக்குத்தான். சேவை வாங்கிய, அதுவும் ஒன்பது பேருக்குச் சம்பளம் போடும் பட்டறை அந்த விலக்கில் அடங்குவது கஷ்டம். ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஐம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வக்கீல் வைத்து நடையாய் நடக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஏஜென்சிக்கும் அது தெரியும். அவர்கள் இறங்கி வந்தது கோர்ட்டுக்குப் பயந்து அல்ல. 214 வரிக்கும் எதிரே தேதியும் நேரமும் எழுதிய அந்த இணைப்பைப் பார்த்து.

இப்போது விளம்பரக் கணக்கு பட்டறையின் பெயரில் இருக்கிறது. பணம் பட்டறைக்காரரின் கார்டிலிருந்தே போகிறது. புதிதாக வந்த ஆளுக்கு விளம்பரம் ஓட்டும் அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறார். படிவம் பூர்த்தியான நிமிடமே பட்டறையின் போனுக்குத் தகவல் வருகிறது. போன மாதம் வந்தவை 19 லீடு. குறைவுதான் என்கிறார், கொஞ்சம் கவலையோடுதான்.