நான்கு கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்?

அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டு வருடம் படித்து முடிக்கிறாள் ஒரு பெண். திருமணமாகிறது. கணவனுக்கு ஜெர்மனியில் வேலை. அங்கே போய் முதலில் ஜெர்மன் கற்றுக்கொண்டு, விட்ட படிப்பைத் தொடர நினைக்கிறாள். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதைதான். அவள் ஏற்கெனவே தேறிய தாள்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு பல்கலைக்கழகத்தில் கேட்கிறாள். மதிப்பெண் பட்டியலோடு, தேறிய தாள் ஒவ்வொன்றின் பாடத்திட்டத்தையும் மொழிபெயர்த்துத் தரச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். மதிப்பெண் பட்டியல்தான் முக்கியம் என்று அதை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து நிறையச் செலவு செய்கிறார்கள். பாடத்திட்டத்தை, தெரிந்தவர் யாரோ ஒருவர் இரவோடு இரவாக ஆங்கிலத்தில் தட்டித் தருகிறார். மதிப்பெண் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் தாளின் பெயரும் குறியீடும் மதிப்பெண்ணும்தான். அந்தத் தாளில் என்ன படித்தாள், எவ்வளவு நேரம் படித்தாள், எந்த ஆழம் வரை படித்தாள் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது. கிரெடிட் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் காகிதத்தை ஒட்டித்தான்.

அதைப் படிக்கப்போவது யார்? பெரும்பாலும் அந்தத் துறையின் தேர்வுக்குழுவோ, அந்தக் குழு கேட்டுக்கொண்டதால் கருத்துச் சொல்லும் பேராசிரியர் ஒருவரோதான். அவர் கையில் தங்கள் துறையின் பாட விவரக் கையேடு இருக்கும். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் மொத்த உழைப்பு எத்தனை மணி நேரம், அதில் வகுப்பு எவ்வளவு, தானாகப் படிப்பது எவ்வளவு, உள்ளடக்கம் என்ன, முடித்தபின் மாணவருக்கு என்ன தெரிந்திருக்கும், தேர்வு எப்படி நடக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்தத் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நம் பாடத்திட்டத்தில் தேடுவார்.

அவர் தேடுவது நகலை அல்ல. 1997இல் லிஸ்பனில் உருவான ஐரோப்பிய ஒப்பந்தமும், அதை ஒட்டி ஜெர்மன் மாநிலங்கள் எழுதிய உயர்கல்விச் சட்டங்களும் கேட்பது, இரண்டு பாடங்களுக்கும் நடுவே கணிசமான வேறுபாடு இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு மதிப்பிடும் நிறுவனத்தைச் சேர்ந்தது. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனாலும் வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும்போது அங்கே இந்தக் கேள்விதான் பரவலாகக் கேட்கப்படுகிறது. மாணவிக்குச் சாதகமான விதிதான் இது. ஆனால் போதுமான தகவலைக் கொடுப்பது விண்ணப்பிப்பவரின் கடமை என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு மங்கலாக இருந்தால் தகவல் போதவில்லை என்ற நிலைக்கு நாமே போய்விடுகிறோம்.

இதில் பெரிய விபத்து நடக்கும் இடம் கிரெடிட் என்ற எண். எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று எல்லோரும் நினைப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை.

நம் மாணவி படித்த புள்ளியியல் தாளுக்கு வாரம் 5 மணி நேர வகுப்பு, 4 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 90 வேலைநாள். வாரத்துக்கு ஆறு நாள் கணக்கில் 15 வாரம். ஆக, வகுப்பில் மட்டும் 75 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். மொழிபெயர்ப்பில் ‘4 கிரெடிட்’ என்று மட்டும் இருக்கிறது. எதிரே இருப்பவரின் கையேட்டில் அதே பாடம் 5 கிரெடிட். ஐரோப்பாவின் இ.சி.டி.எஸ். முறையில் ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஜெர்மனியில் பொதுவாக 30 என்றே கணக்கிடுகிறார்கள். ஆகவே அவருடைய பாடம் 150 மணி நேரம். நம் 4ஐ அவருடைய அளவுகோலில் வைத்தால் 120. முப்பது மணி நேரம் குறைகிறது என்று நினைத்துவிடலாம்.

இதே தாளை இன்னொரு வழியாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் மூன்றாண்டு இளங்கலைக்குப் பரவலாக வேண்டியது 140 கிரெடிட். இ.சி.டி.எஸ். முறையில் ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட் என்பதால் மூன்று ஆண்டுக்கு 180. அந்த விகிதத்தில் நம் 4 கிரெடிட் 5.1 ஆகிறது. பாடம் பொருந்திவிட்டது! தாளும் மாணவியும் மாறவில்லை. 140 என்ற மொத்த எண் எதிரில் இருப்பவருக்குத் தெரிந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்பது இந்தியாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நம் கலைக் கல்லூரிகளில் அது எல்லாத் தாளுக்கும் பொருந்துவதில்லை. பகுதி 1 தமிழ்த் தாளுக்கு வாரம் 6 மணி நேரம் வகுப்பு இருந்தும் 3 கிரெடிட் மட்டும் தரும் பாடத்திட்டங்கள் உண்டு. பொது விதியை நம்பி ஒருவர் கணக்குப் போட்டால் 90 மணி நேரம் 45 ஆகச் சுருங்கிவிடும். ஆகையால் கிரெடிட்டுக்குப் பக்கத்திலேயே வார வகுப்பு நேரம், வாரங்களின் எண்ணிக்கை, ஒரு வகுப்பு எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் எழுதியாக வேண்டும். ஐம்பது நிமிட வகுப்பை ஒரு மணி நேரம் என்று எழுதுவதும் தவறுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட சிலர் அடுத்த தவற்றைச் செய்கிறார்கள். தாங்களே கணக்குப் போட்டு, ‘5 இ.சி.டி.எஸ்.’ என்று மொழிபெயர்ப்பில் எழுதிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. மாற்றிக் கணக்கிடுவது மதிப்பிடுபவரின் வேலை. மூல ஆவணத்தில் இல்லாத எண் மொழிபெயர்ப்பில் இருந்தால், மற்ற பக்கங்களையும் அவர் சந்தேகத்தோடு பார்ப்பார். 4 என்றிருந்தால் 4 என்றே எழுத வேண்டும். விளக்கம் தனிப் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தத் தனிப் பக்கத்தை மொழிபெயர்ப்பாளர் எழுதுவதைவிடக் கல்லூரியே தருவது நல்லது. துறைத் தலைவரோ தேர்வுக் கட்டுப்பாட்டாளரோ கையெழுத்திட்ட ஒரு பக்கம் போதும். பட்டத்துக்கு மொத்தம் எத்தனை கிரெடிட், பருவத்துக்கு எத்தனை வாரம், தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண், அகமதிப்பீடும் பருவத்தேர்வும் எந்த விகிதத்தில் என்பவை அதில் வர வேண்டும். பகுதி 1 முதல் பகுதி 5 வரை என்றால் என்னவென்றும் சொல்ல வேண்டும். நமக்கு இது பழகிப்போன விஷயம். ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் ‘பகுதி 3’ என்றால் மூன்றாம் ஆண்டுப் பாடம் என்று நினைக்க இடமிருக்கிறது. அதுதான் முதன்மைப் பாடங்களின் தொகுப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? துணைப்பாடமும் அப்படித்தான். அலைடு என்று ஆங்கிலத்தில் எழுதினால், விருப்பப்பட்டால் படிப்பது என்று தோன்றலாம். இன்னொரு துறையிலிருந்து கட்டாயமாகப் படித்துத் தேற வேண்டிய பாடம் அது என்று ஒரு வரி எழுத வேண்டும். பொருளாதார மாணவியின் துணைப்பாடம் கணிதமாகவோ புள்ளியியலாகவோ இருந்தால், அங்கே மிகவும் தேவைப்படுவது அந்த வரிதான்.

உள்ளடக்கத்துக்கு வருவோம். தமிழ்வழிப் பாடத்திட்டத்தில் ஓர் அலகு முழுக்கக் கலைச்சொற்களின் வரிசையாகவே இருக்கும்: கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு, திட்டவிலக்கம், ஒட்டுறவு, தொடர்புப்போக்கு. பொதுமொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்து முகட்டை மலையுச்சியாக்கிவிடக்கூடும். தொடர்புப்போக்கை ‘உறவின் போக்கு’ என்று எழுதினால், ரிக்ரஷன் நடத்தினார்களா என்று தேடும் பேராசிரியரின் கண்ணில் அது படாது. அவரைப் பொறுத்தவரை அந்தத் தாளில் ரிக்ரஷன் இல்லை. இதற்கு வழி எளிது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதே தாளுக்கு ஆங்கிலவழிப் பாடத்திட்டம் ஒன்றும் இருக்கும். முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தாள் குறியீடும் அலகுகளும் ஒத்துப்போனால் கலைச்சொற்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

நூல்பட்டியலை மொழிபெயர்க்காமல் விடுகிறவர்கள் உண்டு. மதிப்பிடுபவர் பாடத்தின் ஆழத்தை அறிய முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. தமிழில் அச்சான ‘எஸ்.பி. குப்தா’ சிக்கலில்லை; ஆனால் ‘ஜிங்கன்’ என்பதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதினால் தேடினாலும் கிடைக்காது. அந்த ஆசிரியரின் பெயரில் ஜே எழுத்துக்குப் பின் ஒரு ஹெச் உண்டு. நூலின் அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலே வேண்டும். தமிழ் நூலாக இருந்தால் பெயரை ஒலிபெயர்த்து, பொருளையும் சேர்த்து எழுதலாம்.

எந்த ஆண்டின் பாடத்திட்டம் என்பதில் சறுக்கினால் இவ்வளவு உழைப்பும் வீணாகும். இணையதளத்தில் இருப்பது பெரும்பாலும் இப்போது சேருபவர்களுக்கானது. மாணவி சேர்ந்த ஆண்டில் நடப்பிலிருந்த பாடத்திட்டம் வேறாக இருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் உள்ள தாள் குறியீட்டையும் பாடத்திட்டத்தில் உள்ள குறியீட்டையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மொழிபெயர்க்கத் தொடங்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் கல்லூரியுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. இரண்டு பெயரும் ஏன் வருகின்றன என்பதையும் விளக்கப் பக்கத்தில் சொல்லிவிடலாம்.

ஆசைப்பட்டுச் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கையேட்டை எதிரில் வைத்துக்கொண்டு, அதே வாக்கியங்களில் நம் பாடத்திட்டத்தை எழுதுகிறார்கள். படிப்பவருக்குத் தன் வாக்கியம் தெரியாமல் போகுமா? தமிழ் மூலத்தில் மூன்று வரி இருந்தால் மொழிபெயர்ப்பிலும் அந்த மூன்று வரிதான் இருக்க வேண்டும். அது போதாது என்று தோன்றினால் வினாத்தாளையும் பாடவேளைத் திட்டத்தையும் தனி இணைப்புகளாகக் கொடுக்கலாம். அவை உண்மையான ஆவணங்கள்.

இத்தனை சரியாகச் செய்தும் எல்லாத் தாளும் ஏற்கப்படாது. நம் மாணவியின் புள்ளியியல் நன்றாகவே பொருந்தலாம். நுண்ணியல் பொருளாதாரத்தில் சிக்கல் வரலாம். நம் பி.ஏ. பாடங்களில் சமநோக்கு வளைகோடுகளைப் பெரும்பாலும் வரைபடங்களால் விளக்கி, கட்டுரை விடைகளாக எழுத வைக்கிறார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் அதே தலைப்பை வகைநுண்கணிதத்தைக் கொண்டு கணக்குகளாகச் செய்கிறார்கள். அடுத்த பாடம் அந்தக் கணக்குத் திறமையை நம்பியே நடத்தப்படுகிறது என்றால், அது கணிசமான வேறுபாடுதான். அப்படி ஒரு மறுப்பு நியாயமானது. அதை மறைக்கும் மொழிபெயர்ப்பு மாணவியைத் தேற முடியாத வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைக்கும்.

‘பொருந்தவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு மறுப்பு வந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடக் கூடாது. எந்தப் பாடத்தில், எந்தத் திறன் குறைகிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். குறைவது கணிதம் என்று பதில் வந்தால், துணைக்கணிதத் தாளின் பாடத்திட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி கோரலாம். வகைநுண்கணிதம் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும். மறுபரிசீலனைக்குக் காலக்கெடு உண்டு. அது பெரும்பாலும் முடிவுக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் குறிப்பிடப்பட்டிருக்கும்.