முடிவுரை: மூன்று வாக்கியங்களின் கணக்கு

வாதக் கட்டுரையில் முடிவுரைக்கு ஒரே வேலைதான். அதுவரை காரணம் காட்டி நிறுவியதை இரண்டு மூன்று வாக்கியங்களில் தொகுத்து வாசகர் கையில் கொடுப்பதே அது. புதிய காரணமோ புதிய சான்றோ புதிய பரிந்துரையோ அங்கே இடம்பெறுவதில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியிலேயே பழகிய மூன்று பகுதிகளில் மிகச் சிறியது இதுதான். தவறு அதிகம் நேர்வதும் இங்கேதான்.

இந்தப் பகுதிக்குத் தருக்க நூல்கள் வைத்திருக்கும் பெயர் நிகமனம். மணிமேகலையில் அறவண அடிகள் பௌத்த தருக்கத்தை விளக்கும் இடத்தில், ஒரு வாதத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள் வருகின்றன. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதே ஏது. புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை திட்டாந்தம். இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை இருக்கிறது என்று பொருத்துவது உபநயம். ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது என்பது நிகமனம்.

முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் சொல்லும் செய்தி ஒன்றே. ஆனால் இரண்டின் நிலையும் ஒன்றல்ல. பக்கம் இன்னும் நிறுவப்படாத கூற்று. நிகமனம் காரணத்தோடு நிறுவப்பட்ட கூற்று. 'ஆகவே' என்ற ஒரு சொல்லே அந்த வேறுபாட்டைத் தாங்குகிறது. அதே இடத்தில் அறவண அடிகள், உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறார். நிகமனம் வாதத்துக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பதால்தான் அதை இப்படி விட்டுவிட முடிகிறது. எனினும் பல பக்கம் படித்து வந்த வாசகருக்கு எல்லாக் காரணங்களும் எங்கே வந்து சேர்ந்தன என்று காட்ட அது தேவைப்படுகிறது.

புதிதாக எதுவும் சொல்லக் கூடாது என்றால், சொன்னதையே திரும்பச் சொல்வது மட்டும் சரியா என்ற கேள்வி எழும். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் ஒன்று; மற்றொன்று விரித்தலும் ஒன்று. முன்னுரையின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து வைத்தால் முதல் குற்றம். வேறு பொருளுக்குத் தாவினால் இரண்டாவது. முடிவுரை இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டும். தனித்தனிப் பத்திகளில் கிடந்த காரணங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் காட்டுவதே அந்த நடுவழி. செய்தி பழையது, ஒரே பார்வையில் தெரியும் பிணைப்புதான் வாசகருக்குக் கிடைக்கும் பயன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 'ஏரியைத் தூர்வாரினால் மட்டும் போதாது' என்பது ஒரு கட்டுரையின் வாதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் பத்தி, தூர்வாரினால் ஏரியின் கொள்ளளவு கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது பத்தி, வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் மழைநீர் ஏரிக்கு வந்து சேராது என்று காட்டுகிறது. மூன்றாவது பத்தி, மதகு பழுதாகி ஒழுகினால் வந்த நீரும் தங்காது என்கிறது. ஆழப்படுத்தியும் நிரம்பாத ஓர் ஏரி நடுவில் சான்றாக வருகிறது.

இதற்குப் பலர் எழுதும் முடிவுரை இப்படி இருக்கும்: "நீர் உயிரின் ஆதாரம். ஏரிகள் நிரம்பினால் நிலத்தடி நீர் உயரும், மீன் வளமும் பெருகும். எனவே அரசு நதிகளை இணைக்க வேண்டும், மாணவர்களும் மரம் நட வேண்டும்." இதில் உள்ள எதுவும் தவறான செய்தி என்று சொல்ல முடியாது. ஆனால் நிலத்தடி நீர், மீன், நதி இணைப்பு, மரம் ஆகிய நான்கும் கட்டுரையில் எங்கும் பேசப்படாதவை. அவற்றுக்குக் காரணம் கேட்கும் வாசகருக்குப் பதில் சொல்ல இனி இடமில்லை. அதைவிடப் பெரிய குறை, கால்வாயும் மதகும் காணாமல் போனதுதான்.

இன்னொரு வகை: "இக்கட்டுரையில் தூர்வாருதல், வரத்துக் கால்வாய், மதகு ஆகியவை பற்றிக் கண்டோம்." இதில் புதிய கருத்து எதுவும் இல்லை, வாதமும் இல்லை. பேசிய பொருள்களின் பட்டியல் மட்டுமே இருக்கிறது. அவற்றைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பது விடுபட்டுவிட்டது.

சரியான முடிவுரை இவ்வாறு அமையலாம்: "தூர்வாருவது ஏரியின் கொள்ளளவைக் கூட்டுகிறதே தவிர, நீரைக் கொண்டுவருவதும் தேக்கிவைப்பதும் அதன் வேலை அல்ல. நீர் வரக் கால்வாயும், வந்த நீர் தங்க மதகும் சீராக இருக்க வேண்டும். ஆகவே இந்த மூன்று பணிகளையும் சேர்த்துச் செய்தால்தான் தூர்வாரிய செலவுக்குப் பயன் உண்டு." முதல் வாக்கியம் ஒப்புக்கொண்டதையும் அதன் எல்லையையும் சொல்கிறது. இரண்டாவது இரண்டு காரணங்களைச் சேர்க்கிறது. மூன்றாவது தீர்ப்பு. நிரம்பாத ஏரியின் கதை திரும்ப வரவில்லை. சான்று காரணத்தைத் தாங்க வந்தது. காரணம் நின்றபின் அதற்கு வேலையில்லை.

இதை எழுதும் முறை எளிது. கட்டுரை முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது நிறுவியதை ஒரே வரியில் குறித்துக்கொள்ள வேண்டும். 'வரத்துக் கால்வாய் பற்றி' என்பது தலைப்பு. 'கால்வாய் அடைபட்டால் நீர் வராது' என்பதே கருத்து. இப்படிக் கிடைத்த வரிகளில் சான்றுகளையும் புள்ளிவிவரங்களையும் நீக்கினால் இரண்டு மூன்று கருத்துகளே எஞ்சும். அவற்றை 'ஆனால்', 'அதனால்', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்களால் கோத்தால் முடிவுரை உருவாகிவிடும். எந்த இணைப்புச் சொல்லும் பொருந்தவில்லை என்றால் குறை முடிவுரையில் இல்லை. வாதத்திலேயே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

எழுதியதைச் சரிபார்க்க, முடிவுரையில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அடிக்கோடிட்டு, அது உடலில் எந்தப் பத்தியில் பேசப்பட்டது என்று தேடலாம். பத்தி கிடைக்காத சொல் புதுக் கருத்தின் வால். அது உண்மையிலேயே வேண்டியதென்றால் உரிய சான்றோடு உடலுக்குள் ஒரு பத்தியாகப் போக வேண்டும். இல்லையென்றால் நீக்கிவிட வேண்டும். பெயர்ச்சொற்களுக்குச் சிக்காத ஒரு பிழையும் உண்டு. உடலில் 'குறையக்கூடும்' என்று எழுதியது முடிவுரையில் 'குறையும்' என்றும், 'பல ஏரிகள்' என்றது 'எல்லா ஏரிகளும்' என்றும் மாறிவிடும். சொல் பழையதாகத் தெரிந்தாலும், நிறுவப்படாத அளவுக்குக் கருத்து வீங்கிவிட்டது. இதுவும் புதுக் கருத்தே.

கடைசியில் ஒரு குறளையோ பழமொழியையோ சேர்க்கும் வழக்கமும் இதே கணக்கில் வருகிறது. அந்த மேற்கோள் உடலில் ஏற்கெனவே விளக்கப்பட்டிருந்தால் தடையில்லை. முடிவுரையில்தான் முதன்முறையாக வருகிறது என்றால், அதைக் கட்டுரையோடு பொருத்திக் காட்ட இன்னும் சில வாக்கியங்கள் தேவைப்படும், முடிவுரை நீண்டுவிடும்.

இந்த அளவு சில பக்கக் கட்டுரைக்கு உரியது. ஆய்வேட்டின் முடிவுரை தனி இயலாகவே அமையும். மேலாய்வுக்கு உரிய களங்களைச் சுட்டுவதும் அங்கே மரபு. சிறுகதைக்கோ பயணக் குறிப்புக்கோ தொகுத்துச் சொல்லும் கடமை கிடையாது. காரணம் காட்டி ஒரு முடிவுக்கு வரும் கட்டுரையில் மட்டும், 'ஆகவே' என்று தொடங்கும் வாக்கியமே கடைசி வாக்கியம்.