ஒன்றே கால் சதவிகிதம் கூடுதல் வட்டி... அதற்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து எவ்வளவு?

2018-ம் ஆண்டு மே மாதம். திவான் ஹவுஸிங் ஃபைனான்ஸ், அதாவது டி.ஹெச்.எஃப்.எல் நிறுவனம், பொதுமக்களிடமிருந்து 12,000 கோடி ரூபாய் வரை திரட்ட கடன் பத்திரங்களை வெளியிட்டது. பத்து ஆண்டுப் பத்திரத்துக்கு 9.10% வட்டி. இரண்டு ரேட்டிங் நிறுவனங்கள் உச்சபட்ச 'டிரிபிள் ஏ' தரம் கொடுத்திருந்தன. வங்கி டெபாசிட்டில் சுமார் ஏழு சதவிகிதம் கிடைத்த காலம் அது. ஓய்வுக்கால பணத்தை எங்கே போடுவது என்று யோசித்துக் கொண்டிருந்த பலருக்கு இது நல்ல வாய்ப்பாகத் தெரிந்தது.

அதே நாட்களில் மத்திய அரசின் பத்து ஆண்டுக் கடன் பத்திரம் சுமார் 7.8% வருமானம் தந்துகொண்டிருந்தது. ரூபாயில் வாங்கிய கடனை அரசு திருப்பித் தராமல் போவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்பதால், இதைத்தான் 'ஆபத்தில்லாத வருமானம்' என்கிறார்கள். நிறுவனம் தருவதிலிருந்து இதைக் கழித்தால் வரும் 1.3 சதவிகிதத்துக்கு 'ஸ்ப்ரெட்' என்று பெயர். பத்திரச் சந்தையில் புழங்குபவர்கள் முதலில் பார்ப்பது 9.10-ஐ அல்ல, இந்த 1.3-ஐத்தான்.

ஏன் என்றால், அந்த நிறுவனம் பணத்தைத் திருப்பித் தராமல் போக எவ்வளவு வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்பதை அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பெரிய கணிதம் எதுவும் வேண்டாம்.

நூறு பத்திரங்களை வைத்து ஒரு கணக்கு

ஒரே மாதிரியான நூறு நிறுவனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1,000 ரூபாய், ஓராண்டுக்கு, 9.10% வட்டியில் போடுகிறோம். மொத்த முதலீடு ஒரு லட்சம் ரூபாய். எல்லா நிறுவனங்களும் ஒழுங்காகத் திருப்பித் தந்தால் ஆண்டு முடிவில் கையில் 1,09,100 ரூபாய் இருக்கும். அதே ஒரு லட்சத்தை அரசுப் பத்திரத்தில் போட்டிருந்தால் 1,07,800 ரூபாய் கிடைத்திருக்கும். வித்தியாசம் 1,300 ரூபாய். நஷ்டத்தைத் தாங்குவதற்காக முன்கூட்டியே நமக்குக் கொடுக்கப்படும் பணம் இது.

இப்போது அந்த நூறில் ஒரு நிறுவனம் கைவிரித்து விடுகிறது. பணம் முழுவதுமாகப் போய்விடாது. சொத்துகளை விற்றோ, திவால் நடவடிக்கை மூலமோ கொஞ்சம் மீளும். ஆயிரத்துக்கு 400 ரூபாய் மீளும் என்று எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் நீண்டகாலமாக இருக்கும் பழக்கம். 1,091 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 400 வந்தால், ஒரு நிறுவனத்தால் நமக்கு 691 ரூபாய் நஷ்டம்.

கையில் இருக்கும் 1,300 ரூபாய் இப்படி எத்தனை நஷ்டங்களைத் தாங்கும்? 1,300-ஐ 691-ஆல் வகுத்தால் 1.88 வருகிறது. நூறில் ஏறக்குறைய இரண்டு நிறுவனங்கள் கவிழ்ந்தால் அரசுப் பத்திரமும் இதுவும் ஒன்றுதான். அதற்கு மேல் கவிழ்ந்தால், கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டவருக்கு நஷ்டம். ஆக, 9.10% வட்டி சொல்லாமல் சொல்லும் சேதி, ஆண்டுக்கு இரண்டு சதவிகித டிஃபால்ட் வாய்ப்பு.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. ஸ்ப்ரெட்டை, மீளாமல் போகும் பங்கால் வகுக்க வேண்டும். 40% மீண்டால் மீளாதது 60%. 1.3-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2.17. கொஞ்சம் கூடுதலாக வந்தாலும், சிறிய ஸ்ப்ரெட்டுகளுக்கு இது போதும்.

ஆண்டுக்கு இரண்டு என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் இது பத்து ஆண்டுப் பத்திரம். முதல் ஆண்டு முடிவில் நூறில் 98 நிறுவனங்கள் நிற்கும். அந்த 98-ல் இரண்டு சதவிகிதம் அடுத்த ஆண்டு போகும். இப்படியே போனால் பத்தாவது ஆண்டு முடிவில் மிஞ்சுவது சுமார் 82. அதாவது, பத்து ஆண்டுகளுக்குள் கவிழ 18% வாய்ப்பு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. 'டிரிபிள் ஏ' என்ற முத்திரைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் அச்சிட்டிருந்தால் எத்தனை பேர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

எண்ணை அப்படியே நம்பலாமா?

கூடாது. இந்தக் கணக்கு ஒரு பெரிய அனுமானத்தின் மேல் நிற்கிறது. கூடுதல் வட்டி முழுவதும் டிஃபால்ட் பயத்துக்காக மட்டுமே தரப்படுகிறது என்பதுதான் அந்த அனுமானம். நிஜத்தில் அப்படி இல்லை. அரசுப் பத்திரத்தை எந்த நாளும் சுலபமாக விற்றுவிடலாம். நிறுவனப் பத்திரத்துக்கு நினைத்த நேரத்தில் ஆள் கிடைக்காது. அந்தச் சிரமத்துக்கும் ஒரு விலை உண்டு. அதோடு, சராசரி நஷ்டத்தை ஈடுகட்டினால் மட்டும் முதலீட்டாளருக்குப் போதாது. ராத்திரி தூக்கம் கெடுவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கேட்பார். அதனால்தான் உயர்தர பத்திரங்களில் உண்மையில் நடந்த டிஃபால்ட்டுகள், ஸ்ப்ரெட் சொல்வதைவிட வழக்கமாக மிகக் குறைவாகவே இருந்திருக்கின்றன.

இதைச் சரிக்கட்ட ஒரு வழி, அரசு நிறுவனங்களின் பத்திரங்களோடு ஒப்பிடுவது. அரசு ஆதரவுள்ள ஒரு 'டிரிபிள் ஏ' நிறுவனம் அதே காலத்துக்கு 0.6% கூடுதலாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே டிஃபால்ட் பயம் கிட்டத்தட்ட இல்லை என்பதால், அந்த 0.6 பெரும்பாலும் விற்கும் சிரமத்துக்கான விலை. 1.3-ல் இதைக் கழித்தால் மிச்சம் 0.7. அப்போது நூறில் ஒன்று என்று கணக்கு இறங்கிவிடும். ஆக, ஸ்ப்ரெட்டிலிருந்து வரும் எண்ணை உச்ச வரம்பு போல எடுத்துக்கொள்வது நல்லது. ஆனாலும் ஒரே தர முத்திரை உள்ள இரண்டு பத்திரங்களில் ஒன்று மட்டும் ஏன் கூடுதலாகத் தருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொரு சிக்கல், அந்த 400 ரூபாய். ஒன்றுமே மீளாது என்று வைத்தால் 1,300-ஐ 1,091-ஆல் வகுக்க வேண்டும், விடை 1.2. ஆயிரத்துக்கு 700 மீளும் என்றால் விடை 3.3. நிறைய மீளும் என்று நினைத்தால் டிஃபால்ட் வாய்ப்பு கூடுகிறதே என்று குழப்பம் வரலாம். ஒவ்வொரு நஷ்டமும் சிறியது என்றால், அதே 1,300 ரூபாய் அதிக நஷ்டங்களைத் தாங்கும், அவ்வளவுதான். ஸ்ப்ரெட் நமக்குச் சொல்வது வாய்ப்பையும் நஷ்டத்தையும் பெருக்கி வரும் தொகையை மட்டுமே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நம் அனுமானம்.

செப்டம்பர் 21

2018 ஆகஸ்ட், செப்டம்பரில் ஐ.எல் அண்ட் எஃப்.எஸ் குழுமம் வரிசையாகத் தவணை தவறத் தொடங்கியது. கடன் சந்தை முழுவதும் பதற்றம். செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. டி.எஸ்.பி மியூச்சுவல் ஃபண்ட், தன்னிடமிருந்த டி.ஹெச்.எஃப்.எல் நிறுவனத்தின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை 11% வருமானம் வரும் அளவுக்கு விலையைக் குறைத்து விற்ற செய்தி பரவியது. அன்று ஒரே நாளில் அந்த நிறுவனத்தின் பங்கு விலை 40 சதவிகிதத்துக்கும் மேல் சரிந்தது.

அரசின் ஓராண்டு வருமானத்தை 7.5% என்று வைத்து அதே நூறு பத்திரக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கூடுதலாகக் கிடைப்பது 3,500 ரூபாய். ஒரு டிஃபால்ட்டில் நஷ்டம் 710 ரூபாய். விடை, ஏறக்குறைய ஐந்து. மே மாதத்தில் ஆண்டுக்கு இரண்டாக இருந்தது, நான்கே மாதத்தில் ஐந்தாகிவிட்டது. நிறுவனத்தின் மீது சந்தேகம் வந்ததால் விற்கவில்லை என்று ஃபண்ட் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. ஒரு விற்பனையின் விலையை வைத்து முடிவுக்கு வருவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. விற்பவருக்கு அவசரம் என்றாலும் விலை குறையும்.

ஐந்து என்பதைத் திருப்பிப் பார்த்தால், நூறுக்கு 95 தப்பித்துவிடும் என்றுதான் அந்த விலை சொன்னது. அடுத்த ஒன்பது மாதங்களுக்குள், 2019 ஜூன் 4 அன்று, வட்டி கொடுக்க வேண்டிய நாளில் டி.ஹெச்.எஃப்.எல் தவறியது. மறுநாளே ரேட்டிங் நிறுவனங்கள் தரத்தை 'டி'-க்கு இறக்கின. ஓராண்டுக்கு முன்பு 'டிரிபிள் ஏ' வாங்கிய அதே நிறுவனம்தான். நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்து, விவகாரத்தைத் திவால் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது.

இடைப்பட்ட காலத்தில் சந்தையில் பத்திரங்கள் மலிவாகக் கிடைத்தபோது, '20 சதவிகித வருமானம்' என்று வாங்க நினைத்தவர்கள் கவனித்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 9.10% வட்டியும் ஓராண்டும் மிச்சமிருக்கும் 1,000 ரூபாய் பத்திரம் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,091-ஐ 900-ஆல் வகுத்தால் வருமானம் 21 சதவிகிதத்துக்கு மேல். அதே 900 ரூபாயை 7.5% அரசுப் பத்திரத்தில் போட்டால் 967.50 கிடைக்கும். கூடுதல் 123.50 ரூபாய், டிஃபால்ட் ஆனால் நஷ்டம் 691 ரூபாய். ஆக, வாய்ப்பு சுமார் 18 சதவிகிதம், அதுவும் ஒரே ஆண்டில். முன்பு சொன்ன குறுக்குவழியைப் போட்டால் 23 வருகிறது. ஸ்ப்ரெட் பெரிதானால் குறுக்குவழி இப்படி விலகிப் போகும். அப்போது ரூபாய்க் கணக்குதான் சரி.

கடைசியில் எவ்வளவு மீண்டது?

2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் டி.ஹெச்.எஃப்.எல்-ஐ 34,250 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதில் 14,700 கோடி மட்டுமே ரொக்கம். மீதி 19,550 கோடிக்கு 6.75% வட்டியில் பத்து ஆண்டுப் புதிய கடன் பத்திரங்கள். நிறுவனத்தில் இருந்த பணத்தையும் சேர்த்து, கடன் கொடுத்தவர்களுக்குச் சராசரியாக 46% மீண்டதாகப் பிரமல் தரப்பு அறிவித்தது. சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வகையினருக்கும் கிடைத்த பங்கு வெவ்வேறு.

ஆயிரத்துக்கு 460 ரூபாய் என்றால், கணக்கில் எடுத்த 400-ஐவிட அதிகம்தானே என்று தோன்றும். ஆனால் அது கைக்கு வர இரண்டேகால் ஆண்டுகள் ஆயின. அந்த 460 ரூபாய்க்கு 7.5% வட்டியைக் கழித்து, தவணை தவறிய நாளின் மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 390 ரூபாய்தான் நிற்கிறது. மீட்பு பற்றிய அனுமானம் இந்த ஒரு வழக்கில் அநேகமாகச் சரியாக இருந்திருக்கிறது.

இன்று ஒரு பத்திரத்துக்கு இதே கணக்கைப் போட விரும்புபவர்கள், விளம்பரத்தில் இருக்கும் கூப்பன் வட்டியை எடுக்கக் கூடாது. சந்தை விலையை வைத்து வரும் 'முதிர்வு வரையிலான வருமானம்'தான் தேவை. அது அரசுப் பத்திரத்தோடு ஒப்பிடப்படும்போது இரண்டுக்கும் மிச்சமுள்ள காலம் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டு நிறுவனப் பத்திரத்தைப் பத்து ஆண்டு அரசுப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தால், கால வித்தியாசத்துக்கான வட்டியும் ஸ்ப்ரெட்டில் கலந்துவிடும். சில நேரம் ஸ்ப்ரெட்டே இல்லாதது போலத் தோன்றும். உண்மையில் ஆபத்து அங்கேயேதான் இருக்கும்.