உங்களுக்குத் தெரியுமா? உள்ளங்காலில் ஒரு கோடு, மேலே எழும் கட்டைவிரல்

ஒரே அசைவு, இரண்டு அர்த்தம்

உள்ளங்காலின் வெளி ஓரமாக, குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மழுங்கிய முனையால் மெல்ல ஒரு கோடு இழுத்தால், நலமாக இருக்கும் பெரியவர்களுக்குக் கால்விரல்கள் கீழ்நோக்கி மடங்கும். சிலருக்கு மட்டும் கட்டைவிரல் மெதுவாக மேல்நோக்கி எழும். மற்ற விரல்கள் விசிறிபோல் விரியவும் செய்யலாம். பெரியவருக்கு இப்படி நடந்தால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருப்பதாக மருத்துவர் சந்தேகிப்பார். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு இதே அசைவு வந்தால், ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி அடுத்த சோதனைக்குப் போய்விடுவார். குழந்தையின் காலையும் நோயுற்ற பெரியவரின் காலையும் இணைப்பது ஒரே ஒரு நரம்புப் பாதைதான்.

28 வரியில் வந்த கண்டுபிடிப்பு

இந்த அசைவின் மருத்துவ மதிப்பை எடுத்துச் சொன்னவர் ஜோசப் பாபின்ஸ்கி. போலந்திலிருந்து வந்த பெற்றோருக்கு 1857இல் பாரிஸில் பிறந்தவர். 1896 பிப்ரவரியில் பாரிஸ் உயிரியல் கழகத்தில் அவர் படித்த குறிப்பு வெறும் 28 வரிதான். மருத்துவர்களை அந்தக் காலத்தில் வாட்டிய கேள்வி ஒன்று இருந்தது: கால் விளங்கவில்லை என்று வருகிறவருக்கு நரம்பு மண்டலம் உண்மையாகவே பழுதாகியிருக்கிறதா, அல்லது அன்று ‘ஹிஸ்டீரியா’ என்று சொல்லப்பட்ட மனம் சார்ந்த செயலிழப்பா? பாபின்ஸ்கியின் ஆசான் ஷார்கோ ஹிஸ்டீரியா ஆய்வுக்குப் பெயர்போனவர். கை காலை அசைக்காமல் இருக்க மனத்தால் முடியும். ஆனால் உள்ளங்காலைக் கீறும்போது கட்டைவிரல் தானாக, அதற்கே உரிய நிதானத்தோடு மேலே எழுவதை மனத்தால் அவ்வளவு எளிதில் உண்டாக்க முடியாது. அந்த வேறுபாட்டைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று கிடைத்துவிட்டது.

எப்படிச் செய்கிறார்கள்?

நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கால்களை நீட்டித் தளர்வாக வைக்கச் சொல்வார்கள். சாவியின் முனை போதும். அனிச்சைச் சுத்தியலின் கூரான பிடியும் உதவும். தோல் கிழியக் கூடாது. அதே சமயம் வெறும் வருடலாகவும் இருக்கக் கூடாது. குதிகாலின் வெளிப்பக்கத்தில் தொடங்கி, பாதத்தின் வெளி விளிம்பு வழியே முன்னேறி, விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் உட்புறமாக வளைந்து, கட்டைவிரலின் அடியை எட்டும் முன்பே நிறுத்த வேண்டும். இதற்கு ஐந்தாறு விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரமாகக் கீறினால் பதில் தெளிவாக வராது.

கண் இருக்க வேண்டிய இடம் கட்டைவிரலின் அடி மூட்டு. அங்கே முதலில் நிகழும் அசைவு மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதே விடை. விரல் விரிவது கூடுதல் அடையாளம் மட்டுமே. விரியாவிட்டாலும் கட்டைவிரல் எழுந்தால் எழுந்ததுதான்.

கூச்சமா, கோளாறா?

இந்தச் சோதனையில் பெரும்பாலான குழப்பம் கூச்சம் அதிகமுள்ள பாதங்களால் வருகிறது. கூச்சத்தால் காலை இழுப்பவருக்குக் கணுக்கால், முழங்கால், விரல் எல்லாம் படக்கென்று ஒன்றாக அசையும். கோடு முடிவதற்குள் கால் மருத்துவரின் கையை விட்டே போய்விடும். ஒவ்வொரு முறையும் அசைவு வேறுவிதமாக இருக்கும். உண்மையான பாபின்ஸ்கி குறி அப்படியல்ல. கட்டைவிரல் நிதானமாக எழும், பாதத்தின் மேற்புறத்தில் அதன் தசைநாண் புடைத்துத் தெரியும், மறுபடி செய்தாலும் அதே போல் வரும்.

சந்தேகமாக இருந்தால் உள்ளங்காலைத் தொடாமலே பார்க்கவும் வழி உண்டு. வெளிக் கணுக்கால் எலும்புக்குக் கீழே, பாதத்தின் வெளிப்பக்கத் தோலில் முன்னோக்கிக் கோடு இழுப்பது சாடக் முறை. அங்கே கூச்சம் குறைவு என்பதால் பல நேரங்களில் விடை தெளிவாகக் கிடைக்கும்.

கட்டைவிரல் ஏன் மேலே போகிறது?

காலில் முள் குத்தினால் என்ன செய்கிறோம்? இடுப்பு மடங்குகிறது, முழங்கால் மடங்குகிறது, பாதம் மேலே தூக்கிக்கொள்கிறது. மொத்தக் காலும் சுருங்கி ஆபத்திலிருந்து விலகுகிறது. இதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை, தண்டுவடமே செய்துவிடும். கட்டைவிரலை மேலே தூக்கும் தசையும் காலைச் சுருக்கும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே கட்டைவிரல் எழுவது தனி அசைவு அல்ல. காலைச் சுருக்கும் பெரிய அனிச்சைச் செயலின் ஒரு பகுதி. குறி வலுவாக இருக்கும் நோயாளியின் தொடையைக் கவனித்தால், விரல் எழும் அதே நேரத்தில் தொடைத் தசையும் இறுகுவது தெரியும்.

நலமான பெரியவரிடம் இந்தச் சுருக்கம் அடங்கியிருக்கிறது. கட்டைவிரல் அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது. உள்ளங்கால் தோலின் சிறிய, உள்ளூர் அனிச்சை மட்டும் வெளியே தெரிந்து விரல்கள் கீழே மடங்குகின்றன.

அடக்கிவைப்பது யார்?

மூளையின் மேற்பரப்பிலிருந்து இறங்கி, முகுளத்தில் பிரமிடு வடிவப் புடைப்பாகத் திரண்டு, பெரும்பகுதி எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடம் முழுக்கக் கீழே செல்லும் நரம்புக் கற்றைதான் பிரமிடல் பாதை. நாம் விரும்பிச் செய்யும் நுட்பமான அசைவுகளுக்கு இதுவே வழி. கூடவே, காலைச் சுருக்கும் அனிச்சையிலிருந்து கட்டைவிரலைப் பிரித்துவைக்கும் வேலையையும் இது செய்கிறது.

இந்தப் பாதை எங்கே அறுபட்டாலும், நசுங்கினாலும், இரத்த ஓட்டம் நின்றாலும் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். கட்டைவிரல் மறுபடியும் சுருக்கக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். நோய் புதிதாக ஓர் அசைவை உண்டாக்குவதில்லை; தண்டுவடத்தில் முன்பே இருந்து அடங்கியிருந்ததை வெளியே விடுகிறது.

குழந்தைக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

பிறக்கும்போது பிரமிடல் பாதை இருக்கிறது. ஆனால் வேலைக்குத் தயாராக இல்லை. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிந்தால்தான் செய்தி வேகமாகவும் ஒழுங்காகவும் போகும். மூளையிலிருந்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வரை போகும் இந்த நீண்ட இழைகளில் உறை படிவது பிறந்த பிறகும் தொடர்ந்து, இரண்டு வயதுவாக்கில்தான் பெரும்பாலும் நிறைவுக்கு வருகிறது. அதுவரை தண்டுவடத்தின் சுருக்க அனிச்சை அடக்குவாரின்றி இருக்கிறது. பச்சிளம் குழந்தையின் உள்ளங்காலைக் கீறினால் விரல் மட்டுமல்ல, பாதம், முழங்கால், இடுப்பு எல்லாமே சேர்ந்து மடங்குவது அதனால்தான்.

குழந்தை எழுந்து நின்று நடை பழகும் பருவத்தில் பதில் மாறத் தொடங்குகிறது. பல குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி விரல்கள் கீழே மடங்கத் தொடங்கும். சிலருக்கு இரண்டு வயது வரை ஆகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே குழந்தையின் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் உங்கள் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், அதன் கால்விரல்கள் உங்கள் விரலைப் பற்றிக்கொள்வதுபோல் கீழே மடங்கும். இது வேறொரு அனிச்சை. முதல் வயதில் மறைந்துவிடும். கீறுவதற்குப் பதில் அழுத்திவிட்டால் விடை தலைகீழாக வருவதற்கு இதுதான் காரணம்.

எந்தக் கால் எழுந்தது என்பதும் முக்கியம்

பாதையின் பெரும்பகுதி முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டுவதால், இடது மூளையில் இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவருக்கு வலது கட்டைவிரல் எழும். தாண்டலுக்குக் கீழே, தண்டுவடத்தின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் அதே பக்கத்துக் கட்டைவிரல் எழும். இரண்டு பக்கமும் எழுந்தால், இரு பக்கப் பாதைகளும் நெருங்கி ஓடும் தண்டுவடத்தைத்தான் மருத்துவர் முதலில் நினைப்பார்.

முதுகுவலியும் தப்பான ஸ்கேனும்

இப்படி வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுப் பெண்மணி, இரண்டு மாதமாக முதுகுவலி. கால்கள் விறைப்பாக இருக்கின்றன, நடக்கும்போது செருப்பு தரையில் தேய்கிறது. இடுப்புப் பகுதியில் எடுத்த எம்ஆர்ஐயில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. ‘டிஸ்க் பிரச்சினை’ என்று மருந்து தொடர்கிறது, நடை மோசமாகிறது.

ஒரு மருத்துவர் உள்ளங்காலைச் சோதிக்கிறார். இரண்டு கட்டைவிரல்களும் மேலே எழுகின்றன. அந்த டிஸ்க்கால் இது நடக்கவே முடியாது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை தொங்கும் நரம்பு வேர்கள் மட்டும். அவை நசுங்கினால் விரல் பலவீனமாகும், மேலே எழாது. ஆகவே பழுது மேலே எங்கோ இருக்கிறது.

மருத்துவர் ஊசி முனையால் வயிற்றில் மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார்க்கிறார். தொப்புளுக்குக் கீழே உணர்வு மங்கியிருக்கிறது. அப்படியானால் பழுது மார்புப் பகுதித் தண்டுவடத்தில். அங்கே ஸ்கேன் எடுத்தால், எலும்பை அரித்த காசநோய்ச் சீழ் தண்டுவடத்தை அழுத்துவது தெரிகிறது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. நேரத்தில் காசநோய் மருந்தும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் கிடைத்தால் நடை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு.

எழாத விரலும் ஏமாற்றும்

விபத்தில் தண்டுவடம் அடிபட்ட முதல் நாட்களில் அடிபட்ட இடத்துக்குக் கீழே எல்லா அனிச்சையும் ஓய்ந்துபோகலாம்; கட்டைவிரல் எந்தப் பக்கமும் அசையாது. முழங்காலுக்கு வெளியே ஓடும் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போனவருக்கு, விரலைத் தூக்கும் தசையே செயலற்றுவிடும். மூளை பழுதானாலும் விரல் எழ வழியில்லை.

மறுபக்கம், வலிப்பு வந்து ஓய்ந்த சிறிது நேரத்திலும், இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி மயங்கிய நிலையிலும், ஆழ்ந்த தூக்கத்திலும் கட்டைவிரல் மேலே போகக்கூடும். நிலைமை சரியானதும் கீழே மடங்கும். அதனால்தான் மருத்துவர் இந்த ஒரு குறியை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை. தசையின் விறைப்பு, முழங்கால் அனிச்சை, பாதத்தை வேகமாகத் தட்டும் திறன் எல்லாவற்றோடும் சேர்த்தே பார்க்கிறார்.

பெற்றோர் எப்போது கேட்க வேண்டும்?

ஆறு மாதக் குழந்தையின் இரு கட்டைவிரல்களும் ஒரே மாதிரி மேலே எழுந்தால் கவலை வேண்டாம். ஒரு கால் எப்போதும் எழுந்து மறு கால் எப்போதும் மடங்கினாலோ, குழந்தை ஒரு பக்கக் கையையே பயன்படுத்தினாலோ, இரண்டு வயது தாண்டியும் விரல் எழுவதோடு கால்கள் விறைத்திருந்தாலோ, குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.